தனியாகப் போய் வந்த படங்களுக்கு வரி எழுதும்போது: ‘இந்த மாடி’யும் ‘அந்த மாடி’யும்

“முதல் முறையாகத் தனியாக மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தேன். பன்னிரண்டு பதினைந்து படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். கேப்ஷன் மனதிலிருந்து வர வேண்டும். ஆனால் எங்கே தங்கினேன், எப்படிப் போய் வருகிறேன் என்பதெல்லாம் வெளியே தெரியக் கூடாது. ஊர் விவரத்தை எடுத்துவிட்டால் வரிகள் உப்புச் சப்பில்லாமல் ஆகிவிடுகின்றன. எப்படி எழுதுவது?”

ஊர் விவரத்தை எடுத்ததால் உங்கள் வரிகள் சப்பென்று ஆகவில்லை. முன்பும் அவை அப்படித்தான் இருந்திருக்கும். ஊர்ப்பெயர் அதை மூடி மறைத்திருக்கும். வார இதழ் ஒன்றின் படப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் படக்குறிப்பு எழுதியவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அங்கே எங்களுக்கு விதித்த கட்டளை யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் ஒவ்வொரு குறிப்பிலும் இருந்தாக வேண்டும் என்பது. உங்களுக்கு வேண்டியதோ அந்த மூன்றில் இரண்டு இல்லாமல் நிற்கக்கூடிய வரி. வேலையை விட்டபின் வார இறுதியில் ஒளிப்பட வகுப்பு நடத்தத் தொடங்கிய பிறகுதான் அப்படிப்பட்ட வரியை எழுத நானே கற்றுக்கொண்டேன். கற்றுக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் உங்களைப் போல் முதல் பயணம் போய் வந்த மாணவிகள்தான்.

அவர்களில் ஒருவரின் படத் தொகுப்பை வைத்தே சொல்கிறேன். சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண். மூன்று ஆண்டுகளுக்கு முன் தனியாகத் தரங்கம்பாடி போய் இரண்டு இரவு தங்கி வந்தார். பன்னிரண்டு படங்கள். இன்று ஊர்ப்பெயரைச் சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டுவிட்டேன். சென்னையில் அவர் தங்கிய இடமும் பணிபுரியும் இடமும் மாறிவிட்டன. அவர் எழுதிக் கொண்டுவந்த முதல் படியில் ஊர்ப்பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனாலும் பன்னிரண்டு படங்களையும் அவற்றின் வரிகளையும் தொடர்ந்து பார்த்தால் ஊர் மட்டுமல்ல, அங்கே தங்கிய விடுதியும் அறை எண்ணும் திரும்பி வரும் ரயிலும் தெரிந்தன. எப்படித் தெரிந்தன என்பதைப் பார்த்தாலே என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் ஒரு அளவுகோல். ஊர்ப்பெயரைச் சொல்வதே ஆபத்து என்று பொதுவாக நினைக்கிறோம். அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. மதுரைக்குப் போனேன் என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது, ஏனென்றால் அங்கே தங்குமிடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தரங்கம்பாடி அப்படியல்ல. பழைய நகர வாயிலுக்குள் நுழைந்து கடல் வரைக்கும் நேராக நடந்துவிடக்கூடிய சிற்றூர் அது. கடலைப் பார்த்தபடி தங்குவதற்கு இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஊரைச் சொல்வது ஏறக்குறைய விடுதியைச் சொல்வதுதான். ஆகவே எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதை அந்த ஊரில் எத்தனை தங்குமிடங்கள் இருக்கின்றன என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பெரிய நகரம் என்றால் நகரப் பெயர் வரைக்கும் போகலாம். சிற்றூர் என்றால் மாவட்டத்தோடு, அல்லது ‘சோழ மண்டலக் கடற்கரை’ என்கிற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடலிலிருந்து சூரியன் எழும் படம் கிழக்குக் கடற்கரை என்பதைக் காட்டிக் கொடுக்கும். கொடுக்கட்டுமே, அவ்வளவு நீளக் கடற்கரையில் அதனால் யாருக்கும் ஒன்றும் அகப்படாது. எல்லாவற்றையும் மறைக்கப் போனால் எழுத எதுவும் மிஞ்சாது.

வரிக்கு வருவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படம் சொல்வதை எந்த வரியாலும் மறைக்க முடியாது. அந்தப் பெண்ணின் தொகுப்பில் நான்காவது படம் விடுதி மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. பெயர்ப்பலகை இல்லை, தெரு இல்லை. மாலை வெளிச்சம், கூரைகள், தூரத்தில் கடல். அழகான படம், பாதுகாப்பான படம் என்றும் நினைத்திருந்தார். அதில் ஒரு தேவாலய முகப்பின் உச்சி முன்னாலிருந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே தெரிந்தது. கோட்டை மதிலின் ஒரு மூலை ஒரு விளக்குக் கம்பத்தோடு ஒட்டித் தெரிந்தது. வகுப்பில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, தேவாலயத்தையும் தொட்டியையும் இணைத்து ஒரு கோடு, மதில் மூலையையும் கம்பத்தையும் இணைத்து ஒரு கோடு இழுத்தோம். இரண்டு கோடுகளும் வெட்டிய இடத்தில் ஒரே ஒரு கட்டடம் இருந்தது. இதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எங்களில் யாரும் துப்பறிவாளர் அல்ல. இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் தெரிந்தால் அவை பார்ப்பவரை நோக்கி ஒரு கோடு போடுகின்றன. அப்படி இரண்டு வரிசைகள் ஒரே படத்தில் இருந்தால் பார்ப்பவர் நின்ற புள்ளி கிடைத்துவிடுகிறது. தீர்வும் எளிதுதான்: தேவாலயம் இருந்த இடது பக்கத்தை வெட்டினோம். ஒரு கோடு போனதும் புள்ளியும் போய்விட்டது. சொல்லப்போனால் படமும் இன்னும் நன்றாக ஆயிற்று.

தங்குமிடத்துச் சன்னல், மாடி, வாசல் ஆகியவற்றிலிருந்து எடுத்த படங்களுக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்தால் போதும். கோட்டைக்கு எதிரே நின்று எடுத்த படத்துக்கு வேண்டாம். அங்கே நாள்தோறும் பலர் நிற்கிறார்கள், நீங்கள் ஒரு நாள் நின்றீர்கள் என்று தெரிவதால் நட்டமில்லை. கவனம் போக வேண்டியது சிறிய பொருள்களின் மீது. ஒன்பதாவது படம் அறைச் சாவி. மரக்கட்டையில் விடுதியின் பெயரும் அறை எண்ணும் எரித்துப் பொறிக்கப்பட்டிருந்தன. அவர் கண்ணுக்கு அது மரத்தின் அழகாக மட்டுமே பட்டிருக்கிறது. கடைசிப் படத்தில் மடியில் கிடந்த ரயில் சீட்டு. அதிலுள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை வைத்து எந்த ரயில், என்று, எந்தப் பெட்டி, எந்தப் படுக்கை என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. பயணம் முடிந்த பிறகு அதனால் பெரிய தீங்கில்லை. பயணத்துக்கு முன் அல்லது நடுவில் போட்டால் உண்டு. துண்டில் அச்சிட்ட பெயர், சுவரில் ஒட்டிய வைஃபை கடவுச்சொல் தாள், வாடகைக்கு எடுத்த வண்டியின் எண், கண்ணாடியில் தெரியும் எதிர் வீட்டுப் பலகை ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். சில கைப்பேசிகள் படத்தோடு இரண்டு மூன்று விநாடி அசைவையும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்கின்றன. அவருடைய பேருந்துப் படம் ஒன்றைத் தொட்டபோது நடத்துநர் நிறுத்தத்தின் பெயரைக் கூவியது தெளிவாகக் கேட்டது. அந்த வசதியை அணைத்துவிட்டு வெறும் படமாக மாற்றிப் போடுங்கள்.

கோப்புக்குள் மறைந்திருக்கும் தகவலைப் பற்றி நிறையப் பயமுறுத்தல்கள் உலவுவதால், எது உறுதி என்று சொல்லிவிடுகிறேன். இடப் பதிவை இயக்கி வைத்திருந்தால் கைப்பேசி ஒவ்வொரு படத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதி வைக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஏற்றும் படத்தை மற்றவர்கள் இறக்கிப் பார்த்தால் அந்த எண்கள் அதில் இருக்காது, ஆனால் ஏற்றும் வேளையில் அந்த நிறுவனத்தின் கைக்கு அவை போகக்கூடும். வாட்ஸ்அப்பில் வழக்கமாகப் படமாக அனுப்பினால் எண்கள் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சல் இணைப்பிலும் அப்படியே போகும். பலர் சறுக்குவது இங்கேதான்: பொதுப் பதிவை ஒழுங்காகப் போட்டுவிட்டு, “நல்ல தரத்தில் அனுப்பு” என்று கேட்ட அரைகுறை அறிமுகக்காரருக்கு ஆவணமாக அனுப்பிவிடுகிறார்கள். கணினியில் வேலை செய்பவர் என்றால் exiftool என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு, கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரியை இட்டால் போதும்:

```
exiftool -gps:all= padam04.jpg
```

இது இட எண்களை நீக்கிவிட்டு, பழைய கோப்பை `padam04.jpg_original` என்ற பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும். அதில் எண்கள் இருக்கும், தவறிப்போய் அதையே அனுப்பிவிடாதீர்கள். கைப்பேசியில் மட்டும் வேலை செய்பவர்கள், படத்தைத் திரையில் நிறைத்து வைத்துத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டால் போதும். கொஞ்சம் தரம் குறையும், ஆனால் பழைய எண்கள் புதிய கோப்புக்கு வராது.

இனி வரிகள். அந்தப் பெண்ணின் முதல் படத்துக்கான வரி: “அலைகள் பாடும் ஊரில் நான் மட்டும்.” ஊர்ப்பெயரைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டதாக அவருக்கு மகிழ்ச்சி. தரங்கம்பாடி என்ற பெயருக்கு மக்கள் சொல்லும் பொருளே அதுதான் என்பது எழுதும்போது தோன்றவில்லை. கவித்துவமாகத் தோன்றியதற்குக் காரணமே அதுவாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது படத்துக்கு “டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய சுவரில் சாய்ந்தபடி” என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் ஒன்றுதான். எட்டாவது படத்துக்கு “கடல் பாதியைத் தின்றுவிட்ட பழைய சிவன் கோயில்” என்று ஒரு வரி. அது மாசிலாமணி நாதர் கோயில்; பாண்டியர் காலத்து 1306-ஆம் ஆண்டுக் கட்டுமானம், கடலரிப்பில் முன்பகுதியை இழந்தது. ஒரு தேடலில் கிடைத்துவிடும். வரலாற்றுத் தகவல் எதுவானாலும் அது ஒரு முகவரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, கட்டியவர், கட்டடத்தின் வகை ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தாலே பெயரைச் சொன்னதற்குச் சமம்.

இதைச் சொன்னதும் அவர் மறு முனைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்த படி: “தேடல்.” “மௌனம் பேசியது.” “என்னை நான் சந்தித்த நாள்.” ஆபத்து எதுவும் இல்லை, ஆளும் இல்லை. இந்த வரிகளை எந்தப் படத்துக்கும் வைக்கலாம், மருந்துக் கடை நாள்காட்டிக்கும் வைக்கலாம். உங்கள் வரிகளும் இந்த நிலையில்தான் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். இடத்தை எடுத்த வெற்றிடத்தில் உணர்ச்சியின் பெயர்களைப் போட்டு நிரப்புவதால் வருகிற வினை இது. அங்கே வைக்க வேண்டியது வேறொரு விவரம். இடத்தைச் சுட்டாத, ஆனால் உங்களுக்கு மட்டுமே நேர்ந்த விவரம்.

ஏழாவது படம் ஒரு மெஸ்ஸில் போட்ட வாழை இலை. அதற்கு அவர் “தனிமையின் சுவை” என்று எழுதியிருந்தார். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றார். திரும்பவும் கேட்டேன். பரிமாறுபவர் வந்து, “எத்தனை பேருங்க?” என்றாராம். ஒருத்தர்தான் என்று சொன்ன பிறகும் எதிரே இன்னொரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, “கூட வர்றவங்க வந்ததும் சொல்லுங்க, சோறு போடலாம்” என்று காத்திருந்தாராம். இவர் பத்து நிமிடம் யாருக்காகவோ காத்திருப்பது போல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்து போய், “யாரும் வரலைங்க, எனக்குப் போடுங்க” என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. படக்குறிப்பு இப்படி ஆயிற்று: “எதிரே போட்ட இலையை எடுத்துவிடச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மறுநாள் அரை நிமிடம்.” இதில் ஊர் இல்லை, தெரு இல்லை, மெஸ்ஸின் பெயர் இல்லை; தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடந்திருக்கலாம். ஆனால் வேறு யாரும் இதை எழுதியிருக்க முடியாது. ‘மறுநாள்’ என்ற சொல் அவர் ஒரே இடத்துக்கு இரண்டு முறை போனார் என்று சொல்கிறதே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். பயணம் முடிந்துபோன பின் அது கடந்த காலச் செய்தி. தினமும் போகிற இடமாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

இந்த மாதிரி விவரம் கிடைக்க நான் கையாளும் வழி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும், அதை எடுப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்வேன். படம் இடத்தைக் காட்டிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் மனிதர் இருக்கிறார். யாரிடம் பேசினீர்கள், எதற்குத் தயங்கினீர்கள், கையில் என்ன இருந்தது, எதைத் தப்பாகச் செய்தீர்கள். தனிப் பயணத்தில் தப்பாகச் செய்தவைதான் பெரும்பாலும் நல்ல வரிகளாகின்றன, ஏனென்றால் திருத்திச் சொல்லப் பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பையை யாரிடம் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போவது என்று தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டே போனது, படம் எடுத்துத் தரச் சொல்லி ஒருவரைக் கூப்பிட வாய் வராமல் மூன்று பேரை விட்டது போன்றவை.

மொழிக்குள்ளேயே நமக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. இவற்றை யாரும் பாதுகாப்போடு சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒன்று சுட்டெழுத்து. “இந்த மாடியில் இரவு பத்து மணிக்கும் காற்று நிற்கவில்லை” என்று அவர் எழுதியிருந்தார். ‘இந்த’ என்றதும் படிப்பவர் மனம் அவரை இப்போதும் அந்த மாடியில் வைத்துப் பார்க்கிறது, படத்தையும் துருவத் தொடங்குகிறது. “அந்த மாடியில் காற்று நிற்கவே இல்லை” என்றால் அது நினைவாகிவிடுகிறது. இகரத்தை அகரமாக்கியதில் ஆளே இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட்டார். இரவு பத்து மணி என்பதையும் எடுத்தோம். தனியாகத் தங்கும் பெண் எந்நேரத்தில் எங்கே இருப்பார் என்கிற தகவல் அந்த வரிக்கு எந்த அழகையும் சேர்க்கவில்லை.

இன்னொன்று காலம். “அலைகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்” என்கிற நிகழ்கால வாக்கியம் நம் படக்குறிப்புகளில் மலிந்து கிடக்கிறது. பயணம் முடிந்து பத்து நாள் கழித்துப் போட்டாலும் அது நேரலை போல ஒலிக்கும். உண்மையிலேயே நேரலையாகப் போட்டால் சொல்லவே வேண்டாம். இறந்தகாலத்தில் எழுதுங்கள். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, திரும்பிப் பார்க்கிற குரல் இறந்தகாலத்தில்தான் கிடைக்கிறது: “பேசினேன், அது கேட்டதாகத் தெரியவில்லை.” ஊரில் இருக்கும்போதே ஒன்றிரண்டு படம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வினைச்சொல்லே இல்லாத வரி எழுதலாம்: “ஒரு டீ, ஒரு பெஞ்சு.” தனியாகப் போனது தெரியக் கூடாது என்பதற்காகச் சிலர் “போயிருந்தோம்” என்று பன்மையில் எழுதுகிறார்கள். பயணத்தின் நடுவில் அது புத்திசாலித்தனமே. ஆனால் திரும்பி வந்து போடும் தொகுப்பில் அந்த ‘ஓம்’ விகுதி அத்தனையையும் பொய்யாக்கிவிடும்; தனியாகப் போனதுதானே நீங்கள் சொல்ல வந்த செய்தி.

வரிகளைத் தனித்தனியாகச் சரிபார்த்தால் போதாது. எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் உங்களைத் தெரியாத ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அவருக்குத் தெரிந்துவிடுகிற ஒவ்வொன்றையும் குறித்துப் பாருங்கள். இந்தப் பெண் விஷயத்தில் தாளில் வந்தவை: இரவுப் பயணம், விடியும்போது இறங்கியது, அங்கிருந்து ஒரு மணி நேரச் சொச்சம் நகரப் பேருந்து, கிழக்குக் கடல், பழைய கோட்டை, மீனவர் குப்பம். ஒவ்வொன்றும் தனியாகக் குற்றமற்றது. சேர்த்து வைத்தால் மாயவரத்தில் இறங்கிப் பேருந்து பிடித்த வழி தெரிந்துவிடும். பேருந்து எடுத்துக்கொண்ட நேரத்தை நீக்கினோம், சங்கிலி அறுந்தது. எல்லாக் கண்ணிகளையும் கழற்ற வேண்டியதில்லை; உங்களுக்கு எது முக்கியமில்லையோ அதைக் கழற்றினால் போதும். அவருக்குக் கோட்டை முக்கியமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டார். ‘டேனிஷ்’ மட்டும் போயிற்று. இந்தத் தாளில் உங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு நெடுவரிசை இருக்கட்டும். “வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வழக்கம்போல விடுதியிலிருந்து நடந்தே பேருந்து நிலையத்துக்கு” என்கிற வரி போன ஊரை அல்ல, வாழ்கிற ஊரைக் காட்டிக் கொடுக்கிறது. என் கணிப்பில் அதுதான் மோசமானது; போன ஊரிலிருந்து நீங்கள் வந்துவிட்டீர்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வாராவாரம் வரும்.

போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு வந்து சேர்ந்தபின் போடுங்கள். இடக் குறியை வைக்காதீர்கள், விடுதியின் கணக்கை இணைக்காதீர்கள். அவர்கள் அதை மகிழ்ச்சியோடு தங்கள் பக்கத்தில் மறுபதிவு செய்வார்கள், உங்கள் உழைப்பெல்லாம் அங்கே போய்விடும். இன்ஸ்டாகிராமில் பார்வையற்றோருக்காகப் படத்தை விவரிக்கும் மாற்று உரையும் ஒரு படக்குறிப்புதான். அங்கே மட்டும் மறந்துபோய் ஊர்ப்பெயரை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உறவினர்களையும் மறந்துவிடாதீர்கள். அந்தத் தொகுப்பு வெளிவந்த பதினைந்தாவது நிமிடத்தில் அவருடைய பெரியம்மா கருத்துப் பகுதியில், “மாயவரம் வழியாத்தானே போனே, சித்தப்பா வீட்டுல ஒரு வாய் சாப்டுட்டுப் போயிருக்கலாம்ல” என்று எழுதினார். இரண்டு வாரமாக வரி வரியாகச் செதுக்கியது அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. உடனே நீக்கி, தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. நீங்கள் போடுவதற்கு முந்தைய நாளே குடும்பக் குழுவில் படங்களை அனுப்பிவிட்டு, ஊர்ப்பெயரைக் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களின் முகங்களைப் பற்றியும் ஒரு சொல். பத்தாவது படத்தில் மீன் தரம் பிரிக்கும் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் வீட்டு விவரம் சொல்லியிருந்தார், அதையும் இவர் வரியில் சேர்த்திருந்தார். உங்களுக்கு வேண்டிய மறைப்பு அவருக்கும் வேண்டியதுதானே. கைகள் மட்டும் தெரியும் வேறொரு படத்தை வைத்தோம்.

இவ்வளவு செய்தாலும் எது நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊருக்குப் போயிருப்பவர் கோட்டைச் சுவரின் நிறத்தைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். அதைத் தடுக்க முடியாது, தடுக்க முயன்றால் படமே இருக்காது. தடுக்க முடிவது ஊரிலிருந்து உங்கள் அறைக்கும், உங்கள் நேரத்துக்கும், உங்கள் வீட்டுக்கும் போகிற பாதையை மட்டுமே. உங்களை ஏற்கெனவே தெரிந்த, உங்கள் வழக்கங்கள் தெரிந்த ஒருவர் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் படக்குறிப்பைத் திருத்துவதால் பயன் இல்லை. அந்த நிலையில் தொகுப்பைப் பொதுவில் போடாமல் நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ முறையிடுங்கள். அது என் துறை அல்ல என்பதால் அதற்கு மேல் அறிவுரை சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பொதுவில் போடும் வரிகளை எழுதும்போதே இன்னொரு படியும் எழுதி வையுங்கள். அதில் எதையும் மறைக்காதீர்கள்: ஊர், தெரு, விடுதி, அறை எண், மெஸ்ஸின் பெயர், பரிமாறியவரைச் சுற்றியிருந்தவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள், என்ன கிழமை. பத்து ஆண்டு கழித்து “எதிரே போட்ட இலை” நினைவிருக்கும், எந்த ஊர் மெஸ் என்பது மறந்துவிடும். இதழ் அலுவலகத்தில் குறிப்பில்லாத பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவள் என்பதால் சொல்கிறேன். படத்தை அச்சிட்டால் பின்புறம் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும், அடுக்கி வைத்தால் மை அடுத்த படத்தில் ஒட்டும். அந்தப் பெண் தன் பன்னிரண்டு படங்களையும் அச்சிட்டு வைத்திருக்கிறார். சாவிப் படம் பொதுவில் போகவே இல்லை. ஆல்பத்தில் அதுதான் முதல் படம், பின்னால் அறை எண்ணோடு இரண்டு நாள் வாடகையும் எழுதியிருக்கிறார்.